காலமை ஏழு மணி வயிற்றுக்குத்து

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தர். ஓபிடி வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நிற்கிற அம்மாமார் கேட்கிற கேள்விகளில் முதல் ஐந்துக்குள் இது வரும்: "மிஸ், காலமையில பள்ளிக்கூடம் வெளிக்கிடேக்க மட்டும் வயிறு குத்துதெண்டுறான். சனி ஞாயிறு ஒண்டும் இல்லை. என்னவா இருக்கும்?" பதினொரு வருசமாக இதற்குப் பதில் சொல்லி வந்த எனக்கு, என் மகளுக்கு அதே வருத்தம் வந்தபோது அது என்னவென்று பிடிபட நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதத்தைத்தான் எழுதப் போகிறேன். இடையிடையே மற்ற அம்மாமார் கேட்ட கேள்விகளும் வரும்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது, தரம் 4. புலமைப்பரிசில் பரீட்சைக்கு நல்லதென்று ஒட்டுசுட்டான் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தோம். ஆறு ஐம்பதுக்கு வான் வரும். ஆறரைக்குப் புட்டும் சம்பலும் சாப்பிடுவாள். சப்பாத்துப் போடக் குனியும்போது தொடங்கும். தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு கதிரையில் சுருண்டு விடுவாள். முகம் வெளிறும், சில நாள் ஓங்காளமும் வரும். வீட்டில் நிற்க விட்டால் பத்து மணிக்கெல்லாம் முற்றத்தில் கிளித்தட்டு மறித்துக்கொண்டு நிற்பாள்.

நடிக்கிறாளா?

இவர் கேட்ட முதல் கேள்வி அது. உண்மையைச் சொன்னால் என் மனதிலும் அதுதான் இருந்தது. பத்து மணிக்குச் சுகமாகிற வலி என்ன வலி?

எங்கள் பிள்ளை வைத்தியர் எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தியது இது. சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும், கீழே பெருங்குடல் தானாகச் சுருங்கத் தொடங்கும். மேலே புதுச் சரக்கு வருகிறது, கீழே இடம் விடு என்கிற மாதிரி. காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இந்தச் சுருக்கம் பலமாக இருக்கும். சாப்பிட்டு இருபது, முப்பது நிமிசத்துக்குள் பலருக்கு வெளிக்குப் போக வருவது அதனால்தான். குடலில் இறுகின மலம் அடைத்துக்கொண்டிருந்தால் அதே சுருக்கம் வலியாகத் தெரியும். ஆறரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு ஆறே முக்காலுக்கு வயிறு குத்தும், ஆறு ஐம்பதுக்கு வான் வாசலில் நிற்கும். எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது வான் மட்டும்தான்.

சனிக்கிழமை ஏன் வலி இல்லை? அவசரமில்லை. எட்டரைக்கு எழும்பி, ஆறுதலாகச் சாப்பிட்டு, வீட்டுக் கக்கூசில் வேண்டிய நேரம் இருந்துவிட்டு வருகிறாள். பள்ளிக்கூட நாளில் வீட்டில் நின்றாலும் அதே கதைதான். வான் போன பிறகு, நாங்கள் கவனிக்காத நேரத்தில் போய்விட்டு வந்து விளையாடியிருக்கிறாள். இதை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று. மனம் பயந்தால் குடல் கூடுதலாக உணரும், கூடுதலாகச் சுருங்கும். பரீட்சை மண்டபத்துக்கு முன்னால் வயிறு கலக்குவது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் நடிப்பு என்பதில்லை. பள்ளிக்கூடம் போகிற பயத்தில் வருகிற வயிற்றுக்குத்தும் அப்படித்தான், வலி மெய்யாகவே வலிக்கும். வேண்டுமென்று பொய் சொல்கிற பிள்ளை மிகவும் குறைவு. அப்படிச் சொன்னாலும், பள்ளிக்கூடத்தில் எதற்குப் பயந்து சொல்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

பூச்சியா? காஸ்ரிக்கா? கொதியா?

மூன்றுக்கும் நான் மருந்து கொடுத்துப் பார்த்தேன். தாதியாக இருந்துகொண்டு இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பூச்சி மருந்து பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள், நான் இன்னொருக்கா கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அதிகம் இருக்கிற கீரிப்பூச்சி, இரவில் பின்பக்கத்தைச் சொறிய வைக்கும், நித்திரையைக் குழப்பும். கிழமை நாள் பார்த்து, ஏழு மணிக்கு மட்டும் குத்துவதைப் பூச்சி மேல் போட்டால் பொருந்தாது. அடுத்தது காஸ்ரிக் என்று பார்மசியில் வெள்ளைப் பாணி மருந்து ஒரு போத்தல். காஸ்ரிக் வலி மேல் வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிவாக வரும். இவள் காட்டியது தொப்புளை. போத்தலும் முடிந்தது, வலி அப்படியே இருந்தது.

அம்மம்மா தன் பங்குக்கு "புது இடத்தில புதுப் பிள்ளையளுக்கு முன்னால சாப்பிடுது, கொதி பட்டிட்டுது" என்று ஓதுவித்துத் தேத்தண்ணி பருக்கினா. ஓமத் தண்ணியும் கொடுத்தா. அந்த இரண்டு நாளும் பிள்ளைக்குக் கொஞ்சம் சுகம். அம்மம்மாவின் மடியும் கையும் வயிற்றைத் தடவியதும் அதில் பாதி என்பது என் கணக்கு. அதில் தீங்கில்லை. தீங்கு என்னவென்றால், இப்படி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு நாங்கள் நாளைக் கடத்தியதுதான்.

அப்ப எது உண்மையில் பயப்பட வேண்டிய வலி?

1958 இல் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் பகுதியில் ஜோன் அப்ளி என்ற பிள்ளை வைத்தியரும் அவரோடு வேலை செய்தவரும் ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்றுவலி இருந்தது. வலி தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உடம்பில் நோய் இருக்கும் சந்தர்ப்பம் கூடும் என்பது அப்ளி விட்டுப்போன பாடம். இன்றைக்கும் வைத்தியர்கள் பிள்ளையிடம் "ஒரு விரலால் காட்டு" என்று கேட்பது அதனால்தான். முழுக் கையையும் தொப்புளைச் சுற்றி வட்டமாகத் தேய்த்தால் ஒரு விதம். வலது பக்கக் கீழ் வயிற்றில் ஒரு விரலை ஊன்றிக் காட்டினால் வேறு விதம்.

ஓபிடியில் நான் அம்மாமாரிடம் கேட்பது இவை. வலி இரவில் நித்திரையிலிருந்து எழுப்புகிறதா? நிறை குறைகிறதா, வளர்த்தி நின்றுவிட்டதா? மலத்தில் இரத்தம் வருகிறதா? திரும்பத் திரும்பச் சத்தி, அதுவும் பச்சை நிறத்தில் வருகிறதா? காய்ச்சல், மூட்டு வீக்கம், சலம் போகும்போது எரிவு இருக்கிறதா? நாட்கணக்கில் வயிற்றோட்டமா? இவற்றில் ஒன்றுக்கு ஓம் என்றாலும் பிள்ளையை வைத்தியர் பார்த்துச் சோதிக்க வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற விசயமல்ல.

அன்றைக்கே ஓட வேண்டியவையும் இருக்கின்றன. தொப்புளில் தொடங்கி வலப்பக்கக் கீழ் வயிற்றுக்கு இறங்கி, மணிக்கு மணி கூடுகிற வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்தப் பிள்ளை நிமிர்ந்து நடக்காது, ஒரு காலில் துள்ளச் சொன்னால் மாட்டேன் என்னும். பச்சைச் சத்தியும் பொறுக்க முடியாத வலியும் சேர்ந்தாலும் அப்படியே. ஆம்பிளைப் பிள்ளைகளில் இன்னொன்று. விதை முறுக்கிக்கொண்டால் சில பெடியள் வெட்கத்தில் "வயிறு குத்துது" என்று மட்டும் சொல்வார்கள். திடீரென்று கடும் வலி என்றால் காற்சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்குச் சில மணித்தியாலம்தான் அவகாசம்.

என் மகளுக்கு இவை ஒன்றும் இல்லை. சலப் பரிசோதனையும் சுத்தம். "ஒண்டும் இல்லை" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்?

கண்டுபிடித்தது அம்மம்மா, உடுப்புத் தோய்க்கும்போது. "பிள்ளையின்ரை யங்கியில கறை இருக்கு. வயித்தாலை போகுதோ?" என்று கேட்டா. நான் வயிற்றோட்டம் என்று நினைத்து ஜீவனி கரைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அம்மம்மா அடுத்ததைச் சொன்னா: "வயித்தாலை போற பிள்ளை எண்டால் கக்கூஸ் ஏன் அடைக்குது? அவள் போயிட்டு வந்தால் ரெண்டு வாளி தண்ணி ஊத்த வேண்டிக் கிடக்கு."

அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதுதான் என் படிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. குடலின் கடைசிப் பகுதியில் பெரிய, இறுகின மலம் அடைத்துக்கொண்டு நிற்கும். மேலிருந்து வருகிற தண்ணியான மலம் அதன் ஓரத்தால் கசிந்து உள்ளுடுப்பில் படும். பார்ப்பவருக்கு வயிற்றோட்டம் மாதிரி இருக்கும், உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறு. பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. அதற்காகப் பிள்ளைக்கு அடிக்கிற வீடுகளும் இருக்கின்றன.

அடுத்த நாள் வைத்தியர் அவளைப் படுக்க வைத்து இடப்பக்கக் கீழ் வயிற்றை அமத்தினார். என் கையையும் எடுத்து வைத்தார். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. ஸ்கான் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு நாளும் வெளிக்குப் போகிற பிள்ளைக்கும் மலச்சிக்கல் வருமா?

வரும். இது எனக்கும் பிடிபடாமல் போன இடம். "வெளிக்குப் போனனியா?" என்று கேட்டால் "ஓம்" என்பாள். என்ன மாதிரிப் போனது என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை போனாலும் குடல் வெறுமையாகாது. கிழமையில் இரண்டு தரம் அல்லது அதற்கும் குறைவாகப் போவது, முக்கி அழுவது, கக்கூஸ் அடைக்கிற அளவுக்குப் பெரிதாகப் போவது, உள்ளுடுப்பில் கறை, கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நின்று அடக்குவது, இவைதான் பார்க்க வேண்டியவை. ஒன்பது வயதுப் பிள்ளை தானே கழுவிவிட்டு வரும், நாங்கள் பார்ப்பதில்லை. இரண்டு கிழமைக்குத் தண்ணி ஊற்ற முன்னம் கூப்பிடச் சொல்ல வேண்டும். முதல் நாள் வெட்கப்பட்டாள், பிறகு பழகிவிட்டது.

கொப்பி ஒன்றில் அந்த இரண்டு கிழமையும் குறித்தேன். எத்தனை மணிக்கு வலி, அதற்கு முன் என்ன சாப்பிட்டாள், வெளிக்குப் போனது எப்படி, அன்று பள்ளிக்கூடத்தில் என்ன, வீட்டுக்கு வரும்போது தண்ணிப் போத்தலில் எவ்வளவு மிச்சம். கடைசிக் கேள்வியைச் சும்மாதான் சேர்த்தேன். எல்லாக் கதையும் அதற்குள்தான் இருந்தது. பத்துப் பள்ளிக்கூட நாளில் எட்டு நாள் போத்தல் போனபடியே திரும்பி வந்திருந்தது.

ஏன் குடிக்கவில்லை?

நேரே கேட்டால் "விடாயில்லை" என்றாள். அதனால் கேட்கிற விதத்தை மாற்றினேன். இரவு, லைற் நிப்பாட்டின பிறகு, தலை கோதிக்கொண்டு, "உங்கடை பள்ளிக்கூடத்திலை கக்கூஸ் எங்கை இருக்கு, நான் பார்க்கேல்லை" என்றேன். முகம் தெரியாத இருட்டில் பிள்ளைகள் கதைப்பார்கள்.

பின்னுக்கு இருக்காம். கதவுக்குக் கொண்டி இல்லையாம். ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேணுமாம். ஒருநாள் பெரிய வகுப்புப் பெடியள் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினவையாம். வெயில் காலத்தில் வாளியில் தண்ணியும் இருக்காதாம். பழைய பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகள், ரீச்சரே கூட்டிக்கொண்டு போவா. இங்கே பாட நேரத்தில் கேட்டால் "இடைவேளைக்குப் போகேல்லையோ?" என்று எல்லோருக்கும் முன்னால் கேள்வி வரும். அதனால் பிள்ளை தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்திருக்கிறது. தண்ணி குடிக்காவிட்டால் ஒண்டுக்கு வராது. ரெண்டுக்கு வந்தால் அடக்கிவிடலாம்.

அடக்க அடக்க குடல் மலத்திலிருந்து தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகும். கல்லானது போகும்போது நோகும். நொந்ததற்குப் பயந்து அடுத்த முறை இன்னும் அடக்கும். கடைசியில் குடலின் அந்தப் பகுதி நாள்பட்ட இழாஸ்ரிக் மாதிரித் தொய்ந்து, நிறைந்திருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும்.

என்ன வைத்தியம்?

முதலில் அடைத்துக்கொண்டிருப்பதை வெளியேற்ற வேண்டும். அது போகாமல் பப்பாப்பழமும் கீரையும் கொடுத்தால் வயிறு இன்னும் ஊதும். வைத்தியர் நிறைக்கு ஏற்ற அளவில் மலமிளக்கும் பாணி எழுதினார், எங்களுக்கு லக்ருலோஸ். முதல் சில நாள் கூட்டிக் கொடுத்து, பிறகு ஒவ்வொரு நாளும் மெத்தென்று போகிற அளவுக்குக் குறைத்தார். அளவை வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவு உங்கள் பிள்ளைக்குச் சரிவராது. முதல் கிழமை காற்றும் வயிற்று உப்பலும் கூடும். அதைக் கண்டு பயந்து நிறுத்துகிற ஆட்கள் அதிகம்.

நான் செய்த பிழை வேறு. மூன்றாம் கிழமை வலி நின்றது. "பழகிப் போகும்" என்று இவரும் பயந்தார், நானும் மருந்தை நிறுத்தினேன். பத்து நாளில் அம்மம்மா திரும்பவும் இரண்டு வாளி தண்ணி ஊற்றினா. தொய்ந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் எடுக்கும், அதுவரைக்கும் மருந்து தொடர வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறையாது என்று வைத்தியர் முதல் நாளே சொல்லியிருந்தார். எங்களுக்கு ஐந்து மாதம் போனது. நிறுத்தும்போதும் ஒரேயடியாக நிறுத்தவில்லை, சிறுகச் சிறுகக் குறைத்தோம்.

அடுத்தது நேரம். புட்டை ஆறரையிலிருந்து ஆறு மணிக்கு மாற்றினோம். அதற்காக அரை மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டி வந்தது எனக்குத்தான் கஷ்டம். ஆறு இருபதுக்கு, வந்தாலும் வராவிட்டாலும், கக்கூசில் ஐந்து தொடக்கம் பத்து நிமிசம். குடல் தானாகச் சுருங்குகிற நேரத்தோடு அதைப் பொருத்துவதுதான் நோக்கம். எங்களுடையது இருந்து போகிற கொமட், அவளுடைய கால் நிலத்தில் முட்டாது. கால் தொங்கினால் முக்க முடியாது. அடுப்படிப் பலகைக் கட்டையைக் காலுக்குக் கீழே வைத்தோம். குந்தி இருக்கிற கக்கூஸ் உள்ள வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளைமாப் புட்டுக்குப் பதிலாகக் கிழமையில் மூன்று நாள் குரக்கன் அல்லது தவிட்டரிசிமாப் புட்டு, பின்னேரம் அவிச்ச கௌபி அல்லது கடலை, வளவில் காய்க்கிற பப்பாப்பழம், முருங்கையிலை வறை. பால்மாத் தேத்தண்ணி மூன்று கப்பிலிருந்து ஒன்றானது, வயிற்றை அதாலேயே நிரப்பிவிட்டுச் சோற்றைத் தள்ளுவாள் என்பதால்.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்தீர்கள்? வலிக்கிற நாளில் அனுப்பினீர்களா?

முதலில் அதிபரிடம் முறையிடத்தான் எண்ணினேன். இவர் தடுத்து, வகுப்பு ரீச்சரைத் தனியாகப் பார்க்கச் சொன்னார். அது சரியாக இருந்தது. அந்த ரீச்சருக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கொண்டி இல்லாதது அவவுக்குத் தெரியாது. வைத்தியரின் துண்டைக் காட்டினேன். கை உயர்த்திக் கேட்கத் தேவையில்லை, மேசையில் சிவப்பு அழிறப்பரை வைத்தால் போகலாம், கூட ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவவே ஒரு வழி சொன்னா. கொண்டியை இவர் புதுக்குடியிருப்பில் வாங்கி, ஒரு சனிக்கிழமை அபிவிருத்திச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு போய் மூன்று கதவுக்கும் பூட்டிவிட்டு வந்தார். தண்ணி, பெடியளின் சேட்டை போன்றவற்றை அதிபரும் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்க்க வேண்டும். பாடசாலை மலசலகூடங்களைப் பார்ப்பது பரிசோதகரின் வேலைக்குள் வருவதுதான். சொல்லத் தயங்க வேண்டாம்.

வலிக்கிற நாளிலும் அனுப்பினோம். முன் சொன்ன ஆபத்துக் குறி ஒன்றும் இல்லையென்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அப்படிச் செய்யலாம். வீட்டில் நிற்கிற நாளெல்லாம் ரீவியும் மைலோவும் அம்மம்மாவின் மடியும் கிடைத்தால், அடுத்த நாள் போவது இன்னும் கடினமாகும். ஒரு கிழமை நின்ற பிள்ளைக்கு விட்ட பாடங்களே புதுப் பயம். வலி கடுமையான நாளில் ஒரு மணித்தியாலம் பிந்தி நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். நின்றால் படுக்கை மட்டும்தான், ரீவி இல்லை என்று சொல்லி வைத்தோம். காலமையில் "இண்டைக்கு வயிறு எப்பிடி?" என்று கேட்பதையும் நிறுத்தினோம். கேட்கக் கேட்க பிள்ளை தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மலச்சிக்கல் முற்றாகத் தீர்ந்த பிறகும் திங்கட்கிழமைகளில் கொஞ்ச நாள் குத்தியது. அது பயத்தின் மிச்சம். மூக்கால் இழுத்து, வயிறு உப்ப நிறுத்தி, மெதுவாக விடுகிற மூச்சு ஐந்து தரம். சப்பாத்துப் போடும்போது நானும் சேர்ந்து செய்தேன்.

எங்கடை பிள்ளைக்கு மலச்சிக்கல் இல்லை, ஆனால் காலமையில் குத்துது...

கொப்பியில் எழுதுங்கள். எங்கள் ஓபிடிக்கு வந்த ஒரு பெடியனுக்குச் செவ்வாயும் வியாழனும் மட்டும் குத்தியது, அந்த இரண்டு நாளும்தான் கணித பாடத்துக்கு ஒரு குறிப்பிட்ட ஆசிரியர். இன்னொரு பிள்ளை காலமையில் வெறும் பிளேன்ரீயோடு வந்து பத்தரை மணி வரைக்கும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தது, அதன் வலி பசி. அப்பா வெளிநாடு போன கிழமையிலிருந்து குத்துகிற பிள்ளை ஒன்றும் வந்தது, அது பள்ளிக்கூடத்துக்குப் பயப்படவில்லை, அம்மாவை வீட்டில் தனிய விட்டுப் போகத்தான் பயந்தது. வானிலோ வழியிலோ ரியூசனிலோ யாரும் தொடுவது, வெருட்டுவது என்று பிள்ளை சொன்னாலோ உங்களுக்குச் சந்தேகம் வந்தாலோ, 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம். அந்த இடத்தில் பிள்ளையை அனுப்பு, பழகும் என்ற பேச்சே கிடையாது.

மகள் இப்போது தரம் 6. பின்னேரம் அவள் வந்ததும் புத்தகப்பையைத் தூக்கி வைக்கிற சாட்டில் தண்ணிப் போத்தலைத் தூக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். நான் பார்ப்பது அவளுக்கும் தெரியும். சில நாள் வாசலில் வைத்தே போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டிவிட்டு உள்ளே போவாள்.